சிவப்புக் கொடியைத் தொட்ட கை

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் படி இறங்க மாட்டேன். "உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி. பல் தேய்ச்சேன்னு சொன்னாக்கூட சாட்சி கேப்பே" என்பாள் அம்மா. கேட்பேன்தான், அதில் என்ன தப்பு என்று அப்போது நினைத்தேன்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையும் அப்படியே இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு கல்கத்தாவில், சால்ட் லேக் செக்டர் ஃபைவில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். இங்கிலாந்தில் கட்டில், சோபா விற்கும் ஒரு கம்பெனிக்கு வரும் வாடிக்கையாளர் ஈமெயில்களுக்குப் பதில் எழுதுவது எங்கள் டீமின் வேலை. மொத்தம் ஆறு பேர். அவர்கள் ஊர் விழித்திருக்கும் நேரத்துக்குத் தோதாக, மத்தியானம் ஒன்றிலிருந்து ராத்திரி பத்து வரை ஷிஃப்ட். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்வேன்.

வந்து விழும் ஒவ்வொரு மெயிலையும் முதலில் படித்துப் பிரிக்கிற ஆள் நான்தான். "கட்டில் எப்ப வரும்?" ரகமெல்லாம் மற்றவர்களுக்குப் போகும். வக்கீல், கோர்ட், பணத்தைத் திருப்பிக் கொடு, இந்த மாதிரி எதுவாவது இருந்தால் பக்கத்தில் சிவப்புக் கொடி குத்த வேண்டும். ஆர்டர் நம்பரும், அந்த ஆள் இதற்கு முன்னால் எப்போதெல்லாம் எழுதினார் என்பதும் கூடவே ஒரு குறிப்பாகப் போகும். அந்த மெயிலுக்கு நாங்கள் யாரும் பதில் எழுதக் கூடாது. "ஸாரி" என்றுகூட எழுதக் கூடாது, ஏனென்றால் எழுத்தில் ஸாரி சொன்னால் நாளைக்குத் தப்பை ஒப்புக்கொண்டதாகக் கோர்ட்டில் காட்டுவார்கள். கொடி குத்தியவை மட்டும் மேனேஜரின் திரையில் தனியாக எழும்பும். இரண்டு மணி நேரத்துக்குள் அவரே பதில் சொல்லியாக வேண்டும்.

வார்த்தையைப் பார்த்துத் தானாகக் கொடி குத்த முதலில் ஒரு மெஷினை விட்டுப் பார்த்தார்களாம். இங்கிலீஷில் வழக்குப் போடுவதற்கு 'ஸூ' என்று சொல்வார்களே, அங்கே ஸூ என்ற பேரில் ஆயிரம் பெண்கள் இருக்கிறார்கள். "நன்றி, அன்புடன் ஸூ" என்று எழுதிய அம்மாமார்களெல்லாம் கேஸ் போடப்போகிறவர்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். அதனால்தான் படிக்க மனுஷி வேண்டும் என்று என்னை உட்கார வைத்தார்கள். ஆறு மாசம் டிரையல். அது முடிந்தால் வேலை நிரந்தரம்.

எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பெங்காலிப் பெண். என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவள், அக்கா என்கிற அர்த்தத்தில் நான் தீதி என்று கூப்பிடுவேன். ஹவுராவில் வீடு. புருஷன் வேலை பார்த்த ஃபாக்டரி மூடிவிட்டதால் குடும்பமே இவள் சம்பளத்தில்தான் ஓடியது. மகளுக்கு அந்த வருஷம் மாத்யமிக், அதாவது பத்தாம் வகுப்புப் பரீட்சை. இதெல்லாம் அவளாக வந்து சொல்லவில்லை, நான்தான் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சேர்ந்த புதிதில் ஒரு மெயில் வந்தது. ஒரு பெரியவர் மரியாதையாக எழுதியிருந்தார். தலைப்பிலேயே 'வித்அவுட் பிரெஜுடிஸ்'. "பாருங்க தீதி, என்ன நல்ல மனுஷன்! உங்க மேல எனக்கு எந்த மனக்கசப்பும் இல்லைன்னு எழுதியிருக்கார்" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமே, அது கோர்ட் பாஷை. இதுல சொல்றதை நாளைக்கு எனக்கு எதிராக் காட்டாதேன்னு அர்த்தம். இப்படி எழுதறவன் வக்கீலைப் பாத்துட்டு வந்திருக்கான்னு வெச்சுக்கோ. கொடி குத்து!" அவளுடைய அப்பா ஹைகோர்ட் பக்கம் ஒரு சாலிஸிட்டரிடம் குமாஸ்தாவாக இருந்தவராம். எனக்கு அவமானமாக இருந்தது. கூடவே, இவளுக்கு இவ்வளவு தெரியும்போது என் சீட்டில் ஏன் இவளை உட்கார வைக்கவில்லை, அந்த வயிற்றெரிச்சல் இவளுக்கு இருக்காதா என்றும் தோன்றியது. தோன்றினது தோன்றினதுதான், பிறகு போகவேயில்லை.

நாலாவது மாசம் அது ஆரம்பித்தது. டீ குடித்துவிட்டு வந்து லிஸ்டைப் பார்க்கிறேன், நான் குத்திய சிவப்புக் கொடிகளில் இரண்டைக் காணோம். அந்த இடத்தில் பச்சை டிக். பச்சை டிக் என்றால் விஷயம் முடிந்தது, மேனேஜர் பார்க்க வேண்டியதில்லை என்று அர்த்தம். மறுபடியும் கொடி குத்திவிட்டு சுற்றிப் பார்த்தேன். ஆறு பேரும் ஒரே பாஸ்வேர்டில் வேலை செய்கிறோம், யார் மாற்றியது என்று கம்ப்யூட்டர் சொல்லாது. யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். என் டிரையல் முடிவதற்குள் என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒருத்தரையும் நம்பவில்லை. எதிர் சீட்டுக்காரன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான், டீம் லீடர் என் பின்னால் நடந்தால் ஏன் நடக்கிறான். அந்த மாசம் ஆரம்பத்திலிருந்தே நெட் லைன் வேறு ஆமை வேகம். க்ளிக் செய்தால் ஏறியதா இல்லையா என்று திரையில் தெரிய ஒரு யுகம் ஆகும். அதனால் அப்போதிருந்தே டீக்கு எழுந்திருக்கும் முன்னால் எல்லாக் கொடியையும் ஒரு தடவை மறுபடி அழுத்திவிட்டுத்தான் போவேன். இருந்தும் சில நாள் திரும்பி வந்தால் பச்சை டிக். சில நாள் எல்லாம் சரியாக இருக்கும். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒரு நாள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பூனை மாதிரி திரும்பி வந்தேன். தீதியின் திரையில் என் லிஸ்ட் திறந்திருக்கிறது. அவளுக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. மவுஸ் அம்பு கொடிகளின் மேலேயே நிற்கிறது. என்னைப் பார்த்ததும் சட்டென்று மூடினாள்.

"ஓஹோ!" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் பெங்காலி, ஹிந்தி, தமிழ் எல்லாம் கலந்து வரும். "என் லிஸ்ட்ல உங்களுக்கு என்ன வேலை? இனிமே அதுல கை வெச்சீங்கன்னா நடக்கறதே வேற. கையை எடுங்க!" டீமே திரும்பிப் பார்த்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, தொடலை" என்று மட்டும் சொன்னாள். குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் வாயடைத்துப் போனாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ராத்திரி கிளம்பும் நேரத்தில் அந்த 'வித்அவுட் பிரெஜுடிஸ்' பெரியவரிடமிருந்தே இன்னொரு மெயில். உடைந்த சோபாவுக்குப் பணத்தை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தராவிட்டால் சிறு வழக்கு கோர்ட்டுக்குப் போவேன் என்று எழுதியிருந்தார். கொடி குத்தினேன், சத்தியமாகக் குத்தினேன், ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்திவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன். அது மேனேஜரிடம் போய்ச் சேரவே இல்லை. வெள்ளிக்கிழமை போனது, அடுத்த வாரமும் போனது, கோர்ட்டிலிருந்து காகிதம் இங்கிலாந்துக் கம்பெனிக்கே போய்விட்டது. அங்கிருந்து வந்த போனில் எங்கள் மேனேஜர் நின்றுகொண்டே பேசியதைக் கண்ணாடி வழியாக எல்லாரும் பார்த்தோம்.

என்னை உள்ளே கூப்பிட்டார். திரையில் அந்த மெயிலுக்குப் பக்கத்தில் பச்சை டிக் பளிச்சென்று இருந்தது. "இது யார் வேலை?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை. தீதியின் பேரைச் சொன்னேன். அவள் திரையில் என் லிஸ்டைப் பார்த்ததையும், அவள் சட்டென்று மூடியதையும் சொன்னேன். நான் கண்ணால் பார்த்ததில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவளைக் கூப்பிட்டு, "நீ இவள் லிஸ்டில் கை வைத்தாயா?" என்று கேட்டார். "வைத்தேன்" என்றாள். "ஏன்?" என்றதற்கு என்னை ஒரு தரம் பார்த்தாள், அப்புறம் பேசவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவள் வரவில்லை. இனிமேல் யார் மாற்றப்போகிறார்கள் என்று கொடிகளை மறுபடி அழுத்துவதைக்கூட விட்டுவிட்டு, இரண்டு வாரம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தூங்கினேன்.

அப்புறம் புது லைன் போட்டார்கள். க்ளிக் செய்த கணத்தில் திரை மாறியது. அன்றைக்கு டீக்கு எழுந்திருக்கும் முன்னால் பழைய பழக்கத்தில் ஒரு கொடியை மறுபடி அழுத்தினேன். என் கண் முன்னாலேயே சிவப்பு போய்ப் பச்சை டிக் வந்தது. இன்னொரு தடவை அழுத்தினேன், சிவப்பு. மறுபடியும் அழுத்தினேன், பச்சை.

ஐயோ கடவுளே என்று வாய்விட்டே சொன்னேன். ஒரு க்ளிக் என்றால் கொடி. இன்னொரு க்ளிக் என்றால் 'முடிந்தது'. யாரும் கவிழ்க்கவில்லை. சரியாக ஏறியதா என்ற சந்தேகத்தில் நானே ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு அழித்திருக்கிறேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "பொறுப்பான ஆளை நீக்கியாச்சுன்னு அவங்களுக்கு எழுதிட்டேன். இப்ப போய் ஆள் மாறிப்போச்சுன்னு சொன்னா இந்த வேலையே நம்ம கையை விட்டுப் போகும். இத்தனை பேர் சோறு. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பார்" என்றார். அந்த மாசக் கடைசியில் எனக்கு நிரந்தர ஆர்டர் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹவுராவில் அவள் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். மகள் மூலையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு க்ளிக் விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டினேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ டீக்கு எழுந்திருக்கறதுக்கு முன்னால மறுபடி அழுத்துவே. அது டிக்கா மாறிடும். நீ போனதும் நான் என் கம்ப்யூட்டர்ல திறந்து திரும்பக் கொடி குத்தி வெச்சிடுவேன். நான் வேற வேலையா இருந்த நாள்லதான் நீயே வந்து டிக்கைப் பாத்திருக்கே."

"முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே தீதி!"

"சொல்லலாம்னுதான் பாத்தேன். அந்த வாரமெல்லாம் நீ யாரைப் பாத்தாலும் திருடனைப் பாக்கற மாதிரி பாத்தே. அப்புறம் அன்னிக்குக் கத்தினே."

"மேனேஜர்கிட்டயாவது? அவர் ஏன்னு கேட்டாரே!"

"உனக்கு அப்ப வேலை பக்காவாகலையே. சொன்னா உன்னைத்தான் அனுப்பியிருப்பாங்க. என்னை ஒரு திட்டு திட்டி விட்டுடுவார்னு நினைச்சேன்." கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தாள். "இந்த அளவுக்குப் போகும்னு நினைக்கலை."

அந்தப் பெரியவரின் கடிதம் ஒன்றுதானே தப்பியது, மற்றதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சரி செய்தவள் அதை மட்டும் எப்படி விட்டாள் என்று என் பாழாய்ப்போன புத்தி அப்போதும் கேட்டது. வாயை விட்டும் கேட்டுவிட்டேன்.

அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"அதுக்கு முதல் நாள்தானே நீ கையை எடுங்கன்னு சொன்னே. அந்த மெயிலை டிக்கோட பாத்தேன். தொடலை."