யாரைக் கேட்டுக் கை தட்டினீர்கள்?

என் தங்கை ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தை ஓட்டுகிறவள். மூட்டையைத் தோளில் ஏற்றிப் படியேறி, தரையில் சிந்தாமல் தொட்டியில் கவிழ்ப்பாள். மாவு இறுகிவிட்டதா என்று இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். நான் அங்கேயே வேன் ஓட்டுகிறேன். அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "எழுது. ஆனா என்னைத் தியாகி ஆக்கினே, உன்கூடப் பேசவே மாட்டேன்" என்றாள்.

எங்கள் கடைக்குட்டித் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. டயாலிசிஸில்தான் அவன் நாள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையது வேண்டாம் என்றுவிட்டார்கள். தங்கையுடையது பொருந்தியது.

நீண்ட விடுப்பு என்றால் காரணம் எழுதியே ஆகவேண்டும் என்றது அலுவலகம். எழுதினாள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் கடைசிப் பரிசோதனைக்கு ஒரு நாள், பிறகு ஆறு வாரம், அதன்பின் மருத்துவர் சரி என்று எழுதித் தரும்வரை மூட்டை தூக்காத வேலை, அப்புறம் பழைய இயந்திரம். தேதி மாறலாம் என்பதையும் சேர்த்தாள். கடைசியாக, காரணம் விடுப்பு அதிகாரிக்கும் மேலாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும், மற்றவர்களுக்கு 'மருத்துவ விடுப்பு' என்று சொன்னால் போதும் என்று எழுதி, அதற்குக் கீழே கோடு போட்டாள்.

"நல்ல காரியத்தை எதுக்கு ஒளிக்கணும்?" என்றேன்.

"அண்ணே, மயக்க மருந்து குடுக்கிற நிமிஷம் வரைக்கும் வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கு. ஆஸ்பத்திரில அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்றாங்க. ஊருக்கே தெரிஞ்சப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வேண்டாம்பேன்?"

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. வேலை தொடங்கும் முன் எல்லாரையும் நிற்கவைத்து, யார் விடுப்பு, என்ன காரணம், அவர் இடத்துக்கு யார் என்று சூப்பர்வைசர் உரக்க வாசிப்பார். வயிற்றுப்போக்கைக்கூட விடமாட்டார். தங்கை கடிதம் கொடுத்த மறுநாள், அவர் கையில் இருந்தது அந்தக் கடிதம்.

"நம்ம மாவு மிஷின் பொண்ணு தம்பிக்குக் கிட்னி குடுக்குது! எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். என் தங்கை முடி சிந்தாமலிருக்க மாட்டிய வலைத்தொப்பியோடு சிலை மாதிரி நின்றாள். பேக்கிங் அக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார். கிடங்குக்காரன், "சும்மாவா குடுப்பாங்க? எவ்வளவுக்குப் பேச்சு?" என்று இளித்தான். எனக்குக் கண் மண் தெரியவில்லை. வேன் சாவியை அவன் மூஞ்சியில் எறிந்திருப்பேன், தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நேரே விடுப்பு அதிகாரியின் அறைக்குப் போனோம். அந்த அம்மா நாற்காலியைக் காட்டினார். நாங்கள் உட்காரவில்லை.

"உன் இடத்துக்கு ஆள் போடணும்ல, அதான் லெட்டரை அவர்கிட்ட குடுத்தேன். அவர் நல்ல எண்ணத்துலதாம்மா..."

"ஆள் போட தேதி போதும் மேடம். என் வயித்துல எதை எடுக்கிறாங்கன்னு எதுக்கு?"

"கோபப்படாதே. திரும்பி வந்ததும் உன்னை நிரந்தரமா பேக்கிங்குக்கு மாத்திடறோம். மூட்டையே தூக்க வேண்டாம்."

"டாக்டர் தூக்கலாம்னு எழுதிக் குடுத்தா தூக்குவேன். கடிதத்துல அதுவும் இருக்கே. கோடு போட்டதைத்தான் படிக்கலை, போடாததையாவது படிச்சீங்களா?"

கடிதத்தைச் சூப்பர்வைசரிடமிருந்து திரும்ப வாங்கித் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டவும், பழைய இயந்திரம் அவளுக்கே என்று எழுதித் தரவும், காரணம் வாசிக்கும் பழக்கத்தை நிறுத்தவும் அந்த அம்மாவை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுத்தான் தங்கை வெளியே வந்தாள்.

தானம் செய்பவர்களுக்கென்றே மருத்துவமனையில் ஓர் ஆலோசகர் இருக்கிறார். தம்பியைக் கவனிக்கும் மருத்துவர்களோடு அவருக்குச் சம்பந்தம் இல்லை. தங்கையைத் தனியே வைத்து, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டிருக்கிறார். "ஒரு தொழிற்சாலையே கை தட்டிச்சு" என்றாளாம் இவள். அவர், யோசிக்க நேரம் தந்து தேதியைத் தள்ளிவைத்தார். நீங்கள் வேண்டாம் என்றால், தானம் செய்யத் தகுதியில்லை என்று மட்டும் வெளியே சொல்வோம், உங்கள் வாயிலிருந்து வந்தது தம்பிக்குக்கூடத் தெரியாது என்றாராம்.

தம்பி டயாலிசிஸுக்குப் போனான், வந்தான். எப்போது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. தொழிற்சாலையில்தான் ஆளாளுக்கு, "எப்பம்மா ஆபரேஷன்? பின்வாங்கிட்டியா?" என்று பிடுங்கினார்கள். "உங்க கிட்னியா கேட்டாங்க?" என்பாள்.

ஒரு நாள் வேனில் ஏறி உட்கார்ந்தவள், "அவங்க கை தட்டினதுக்காக இல்லை, அவங்களுக்குப் பயந்தும் இல்லை. நானா முடிவு பண்ணிட்டேன். குடுக்கறேன்" என்றாள்.

அவள் விடுப்பு தொடங்கிய காலை, சூப்பர்வைசர் தாளைப் பார்த்தார். "மாவு மிஷின், மருத்துவ விடுப்பு" என்றார். வாய் இன்னும் ஏதோ சொல்லத் திறந்தது. என்னைப் பார்த்து மூடிக்கொண்டது.

யாரும் கை தட்டவில்லை. எனக்குத் தட்டவேண்டும் போல் இருந்தது. இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.