ஒன்பது தூக்கம்

கொட்டாவி விடுகிறார் அத்தை. பொய்க் கொட்டாவிதான். மதியம் ஒன்றேகால் மணிக்குத் திரையை இழுத்துவிட்டு, வளையல்களைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, பதினோரு பாய்களுக்கு நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்து விடுகிற முதல் கொட்டாவி. நாலைந்து பிள்ளைகளுக்கு அது உடனே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் கதை.

குழந்தைகள் காப்பகத்தில் எல்லாருக்கும் அவர் அத்தை. மூன்றாவது பாயில் கிடப்பவன் என் மகன். எதிர் அறை அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற நான், சாப்பாட்டு இடைவேளையில் கதவோரம் நின்று கதை கேட்பேன். வெட்கமென்ன, ஒருநாள் நின்றபடியே சொக்கி விழப் பார்த்திருக்கிறேன்.

கதையில் சம்பவமே கிடையாது. பூனைக்குக் கண் சொருகுகிறது. ஆந்தை உட்கார்ந்தபடி தூங்கி வழிகிறது. குரங்கு சொக்கிப்போகிறது. கோழி கோழித்தூக்கம் போடுகிறது. மாடு கண்ணயர்கிறது. வௌவால் தூங்குகிறது, அதாவது தொங்கிக்கொண்டே தூங்குகிறது. கரடி உறங்குகிறது. யானை அசந்துபோகிறது. இப்படி எட்டு. கடைசியில் நிலா துயில்கிறது. அந்த ஒன்பதாவது சொல் நான் கொடுத்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் குரல் ஒரு படி இறங்கும், இடைவெளி ஒரு மூச்சு நீளும். என் மகன் மாட்டைத் தாண்டியதே இல்லை.

“எல்லாத்துக்கும் ஒரே பொருள்தானே?” என்று ஒருமுறை கேட்டுவைத்தேன். மெய்ப்புத் திருத்துபவனின் திமிர்.

“படிச்சவரு கேக்குற கேள்வியா இது? கோழித்தூக்கத்துல இருக்குற புள்ளைக்கு பேரச் சொன்னாலே முழிப்பு வந்துரும். கண்ணயர்ந்த புள்ளைக்கு இமைக்குள்ள முழி உருளும். அசந்த புள்ளையத் தூக்குங்க, கை துணி மாதிரி தொங்கும். எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சா எவளாவது புள்ள வளக்க முடியுமா?”



போன வாரம் கடைசிப் பாய்க்கு ஒரு பெண் குழந்தை வந்தாள். மூன்று வயது ஆகவில்லை. நிலா துயின்ற பிறகும் அவள் மட்டும் அரையிருட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, சத்தமில்லாமல் ஒவ்வொரு பாயாகப் போனாள். குனிந்து இமையை விரலால் பிரித்துப் பார்த்தாள். என் மகனின் காதில் வாயை வைத்து, “நீயும் போயிட்டியா?” என்று கேட்டாள். அவன் சிணுங்கியதும், தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பாய்க்கு நகர்ந்தாள்.

தொடர்ந்து நான்கு நாளும் இதே கதை. வீட்டிலும் இரவில் கண்ணை மூடுவதில்லையாம். நடக்கும்போதே சுவரில் மோதிக்கொண்டாள். தூக்கம் என்ற சொல் எந்த உருவத்தில் வந்தாலும், சொருகலோ துயிலோ, அவள் கை தானாகப் பாய் ஓரத்தை இறுக்கிப் பிடிப்பதை அத்தை கவனித்துவிட்டார். சாயங்காலம் தாயை உட்காரவைத்து விசாரித்தார். அப்பா இறந்து ஒரு மாதம். சவப்பெட்டியைக் காட்டி, “அப்பா நல்லா தூங்குறாரு” என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஆக, எல்லாம் ஒரே பொருள் என்று நினைத்தது நான் மட்டுமில்லை. குழந்தையிடம் உண்மையைச் சொல்லட்டுமா என்று அத்தை கேட்டார். தாய் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

மறுநாள் கதைக்கு முன் அத்தை அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார்.

“உங்கப்பா தூங்கலடா கண்ணு. செத்துப் போயிட்டாரு. செத்தவங்களுக்கு மூச்சு வராது, எந்திரிக்க மாட்டாங்க. தூங்குறவங்களுக்கு மூச்சு வரும். எந்திரிச்சிருவாங்க.”

குழந்தை அழவில்லை. “நெலா எந்திரிக்குமா?” என்றாள்.

அன்றைக்குக் கதை மாறியது. கோழி ஒரு இலை விழுந்ததும் விழித்துக்கொண்டது. கண்ணயர்ந்த மாடு ஈ உட்கார்ந்ததும் காதை ஆட்டிக்கொண்டு எழுந்தது. அசந்துபோன யானையை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது, ஆனாலும் எழுந்தது. நிலா சாயங்காலம் எழுந்து வந்தது. பத்துப் பிள்ளைகள் எந்தப் படியில் நழுவினார்களோ தெரியாது. பதினோராவது உட்கார்ந்தே இருந்தது. கண் சொருகும், திடுக்கென்று நிமிரும், மறுபடி சொருகும்.

அத்தை அவள் பாயிலேயே மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார். மதியத்தில் ஒரு நிமிஷம்கூடக் கண்ணயராத மனுஷி. குழந்தை குனிந்து பார்த்தாள். இமையைத் தொடவில்லை. சுண்டுவிரலை அத்தையின் மூக்கடியில் நீட்டிக்கொண்டே பக்கத்தில் படுத்தாள். அத்தை சத்தமாக மூச்சு விட்டார். இழுத்தார், விட்டார். கொஞ்ச நேரத்தில் விரல் மடங்கிற்று. கை சரிந்து, துணி மாதிரி, பாய்க்கு வெளியே தொங்கியது.

மூன்று மணிக்கு நான் மறுபடி எட்டிப் பார்த்தபோதும், மூடிய கண்ணோடு, அத்தை சத்தமாக மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார்.