எட்டாமிடத்துக்கு என் இங்கிலீஷ்

என் ஓரகத்தி மேல் எனக்குப் பொறாமை. இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்தே இருக்கிறது. அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். ஆங்கிலம் தண்ணீர் பட்டபாடு. நான் கோட்டு தைக்கும் கடையில் மெஷினில் இருக்கிறேன். என் ஆங்கிலம் பொத்தான், ஜிப், கை நீளம் என்பதற்குள் அடங்கிவிடும்.

எதிர் மேஜையில் துணி வெட்டுகிறவள்தான் எனக்குப் பதினோரு வருஷச் சிநேகிதி. தமிழ் தெரியாது. சொந்தம் என்று யாருமில்லை. ஒரு தடவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன்; அன்றைக்கே ஓரகத்தியோடு ஒட்டிக்கொண்டாள். கோயிலுக்கு ஏன் போகிறீர்கள், நட்சத்திரம் என்றால் என்ன என்று எதைக் கேட்டாலும் அவளைத்தான் கேட்பாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது போல இருந்தது எனக்கு.

அதனால்தான் சிநேகிதிக்கு இதய ஆபரேஷனுக்குத் தேதி குறித்தபோது, நாள் எப்படி என்று அவள் கேட்டதும், ஓரகத்திக்குச் சொல்லாமல் நானே இறங்கினேன். பிறந்த நேரத்தைப் போட்டுப் பார்த்தேன். பூச நட்சத்திரம், கடக ராசி. ஆபரேஷன் அன்று சந்திரன் கும்பத்தில். கடகத்திலிருந்து எண்ணினால் எட்டாமிடம், சந்திராஷ்டமம். தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன்: "மூன் இன் டெத் ஹவுஸ்."

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லப்போவதாகச் சொன்னாள். தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். சமாதானம் சொல்ல வாயெடுத்தால் வந்த வார்த்தையெல்லாம் ஜிப்பும் பொத்தானும்தான். வேறு வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஓரகத்தியைக் கூப்பிட்டேன்.

மதியச் சாப்பாட்டு வேளையில் வந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுவே எரிந்தது. வெட்டும் மேஜை மேல் சாக்கட்டியால் பன்னிரண்டு கட்டம் போட்டாள். ஒரு பொத்தானைச் சந்திரனாக வைத்து நகர்த்தினாள். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டேகால் நாள், இருபத்தேழு நாளில் ஒரு சுற்று. ஆக, யாராக இருந்தாலும் மாதாமாதம் எட்டாமிடம் வரும். உனக்கும் பிறந்ததிலிருந்து ஐந்நூறு தடவைக்கு மேல் வந்து போயிருக்கிறது என்றாள். சந்திராஷ்டமம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் மாற்றவேயில்லை. சந்திரன் மனசுக்குரிய கிரகம், அன்றைக்கு மனசு அலைபாயும், அதனால் புதிதாக எதையும் ஆரம்பிக்காமல், சண்டைக்குப் போகாமல் அடங்கி இருப்போம், அவ்வளவுதான் என்று விளக்கினாள். எட்டாமிடத்துக்கு ஆயுள் ஸ்தானம் என்றும் பேருண்டு, மரணத்தை மட்டும் சொல்கிற வீடில்லை என்றாள்.

"நீ அன்னைக்கு மயக்கத்துல படுத்திருக்கப் போற," என்று ஆங்கிலத்தில் முடித்தாள். "சந்திராஷ்டமத்துக்கு அதைவிட அடங்கி யாரும் இருக்க முடியாது."

சிநேகிதி சிரித்துவிட்டாள். பதினோரு வருஷத்தில் என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மூவரும் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் பேர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டார். சங்கல்பத்தில் இன்னாருக்காக என்று அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். கோத்திரம் என்றால் என்ன என்று சிநேகிதி ஓரகத்தியைப் பார்த்தாள். முன்னோர் வழி, ஒரு ரிஷியிலிருந்து வரும் வம்சம் என்று அவள் சொல்ல, இவள் முகம் வாடியது. வழி என்று சொல்ல இவளுக்கு யார் இருக்கிறார்கள்?

"தெரியாதவங்களுக்கு சிவ கோத்திரம்னு சொல்லலாம்மா," என்றார் குருக்கள்.

"வேண்டாம் சாமி," என்றேன். "எங்க வீட்டுக் கோத்திரத்தையே சொல்லுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். பேர், பூசம், எங்கள் கோத்திரம். ஆயுள், ஆரோக்கியம் என்று வந்தபோது சிநேகிதி என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய் என்று கேட்டாள்.

"சேம் ஹவுஸ் பீப்பிள்," என்றேன்.

ஓரகத்தி திருத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல சொல்ல எனக்கு வார்த்தை வரலக்கா," என்றாள். அப்போதுதான் உறைத்தது: கல்யாணத்தோடு எனக்கு வந்த கோத்திரம்தான் அவளுக்கும் வந்தது. நான் பெரிய மனசோடு கொடுத்ததில் அவளுக்கும் சரிபாதி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்த சிநேகிதி, சந்திரன் நகர்ந்துவிட்டதா என்று எங்கள் இருவருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். ஓரகத்தியின் போனைப் பிடுங்கி நேரம் பார்த்தேன். எனக்குத்தான் ஒரு நிமிஷம் முன்னால் வந்திருந்தது.