இமைமேல் விழுந்த வெளிச்சம்

அந்த ஸ்டுடியோவில் எல்லாரும் அவளை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டத்துக்கும் அவளுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. பழைய படங்களைக் கேமராவில் பிரதி எடுப்பதுதான் வேலை. வெளிர் நிறத்தில் எதை உடுத்தினாலும் அதன் சாயல் பளபளப்பான படத்தில் விழுந்து தொலைக்கும். அதனால் பத்தொன்பது வருடமாக ஒரே கருப்புக் கோட்டு. குனிந்து குனிந்து கழுத்து போய்விட்டது. அலுப்பு மட்டும் போகவில்லை.

அன்று இருநூறு நெகட்டிவ் முடித்து, கண் பூத்து உட்கார்ந்திருந்தாள். நரைத்த தலையோடு ஒரு அம்மாள் ஒரே ஒரு படத்தை நீட்டினாள். நாற்காலியில் ஒரு பெண், மடியில் பச்சைக் குழந்தை.

"எங்கம்மா. மடியில இருக்கிறது என் தங்கச்சி. அம்மாவோட அவளுக்கு இருக்கிற ஒரே படம். நாளைக்கு அவளுக்கு அறுபது வயசு. பெரிசு பண்ணிக் குடுக்கணும்."

"உக்காருங்கம்மா, எடுத்துடலாம்."

படத்தைப் பலகையில் வைத்தாள். மேலிருந்து கேமரா குனிந்து பார்க்க, இருபுறமும் விளக்குகள் நாற்பத்தைந்து பாகையில் சாய்ந்திருந்தன. காகிதம் வளைந்திருந்ததால் முகத்தின்மேல் வெள்ளைக் கோடு விழுந்தது. கண்ணாடி வைத்து அழுத்தினால் படம் விரிசல் விடும். எந்த விளக்கின் வேலை இது என்று பார்க்க ஒன்றை அணைத்து, மற்றதை இறக்கினாள்.

வெளிச்சம் படத்தின்மேல் படுத்தபடி ஓடியது. அந்தப் பெண்ணின் கண்கள் இருந்த இடம் மட்டும் மினுக்கமில்லாமல் மங்கியிருந்தது. கூர்ந்து பார்த்தாள். தூரிகைத் தடம். மூடிய இமைகளின்மேல் யாரோ கண்களைத் தீட்டியிருந்தார்கள்.

உயிர் போன பிறகு உட்கார வைத்து எடுத்த படம். இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் காசு வாங்குவதும் ஒரு பிழைப்பா? வெறும் மினுக்கத்தோடு மல்லுக்கட்டவே தெம்பில்லாத நாளில் இதுவுமா என்று எரிச்சலாக வந்தது.

கடைசியில் கை தன் வேலையைப் பார்த்தது. இரு விளக்குகளையும் பழைய இடத்தில் நிறுத்தி, முன்னால் மினுக்கத்தை வடிகட்டும் போலரைசர் தாள்களை மாட்டினாள். லென்ஸ் முன்னிருந்த போலரைசரை மெல்லத் திருப்பினாள். வெள்ளைக் கோடு தேய்ந்து மறைந்தது. தூரிகைத் தடமும் கூடவே மறைந்தது. வெளிச்சம் குறைந்துபோனதால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டி, அசைவு விழாமலிருக்கக் கேமராவைத் தொடாமல் ரிமோட்டில் எடுத்தாள்.

அம்மாள் திரையில் வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணு தெரியலையே?"

"கண்ணு நல்லாத்தானேம்மா இருக்கு?"

"அதத்தான் சொல்றேன். வரைஞ்ச கண்ணுன்னு தெரியல."

வக்கீலம்மா திரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"பத்து வயசுல ஜன்னலோரம் சாய்ச்சுப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும். தங்கச்சி பொறந்தன்னிக்கே அம்மா போயிட்டாங்க. ஒரு தடவையாவது தன்னை மடியில வெச்சிருந்தாங்கன்னு அவ நம்பிக்கிட்டிருக்கா. அவ கையில சிக்காம அசல இத்தன வருஷம் பீரோவுல பூட்டி வெச்சேன். இந்தப் பிரதிய அவ ஆசை தீரப் பாக்கட்டும்."

"மினுங்காத மேட் பேப்பர்ல போடுறேன்மா. அசலையும் சேர்த்துக் கவர்ல வெக்கட்டுமா?"

"வேணாம். அது என்னோடயே போகட்டும்."