வராத குறுஞ்செய்தி

குழாய்க் கடையின் கணக்கரம்மாவுக்கு ‘பச்சைப் பென்சில்’ என்று பெயர் வைத்தவர் காசாளர்தான். வைத்தது கிண்டலுக்கு. இருபத்திரண்டு வருடமாக மாதம் பிறந்ததும் வங்கி ஸ்டேட்மென்டை ஒரு பக்கமும் கடையின் வங்கிப் பேரேட்டை மறு பக்கமும் விரித்து, அங்கே ஒரு வரி, இங்கே ஒரு வரி என்று பச்சை டிக் போட்டுக்கொண்டே போவார். கணினி நொடியில் பொருத்திக் காட்டும்போது எதற்கு இந்த வேலை என்று கேட்டால், “அது தொகையைத்தான் பாக்கும், நான் சங்கதியையும் பாப்பேன்” என்பார். பேச்சில் கொஞ்சம் கறார். காசாளரும் அவரும் கீரியும் பாம்பும்.

அந்த மாதம் எல்லா வரிகளும் ஜோடி சேர்ந்த பிறகு மூன்று வரிகள் தனியே நின்றன. மூன்றும் பேரேட்டில் இருந்தன, வங்கியில் இல்லை. இரண்டு, கடை கொடுத்து இன்னும் வங்கிக்கு வராத காசோலைகள். அவை வரும்போது வரும். மூன்றாவதுதான் இடித்தது. போன மாதம் ஏழாம் தேதி வங்கியில் கட்டிய ரொக்கம், இருபத்தேழாயிரத்து ஐந்நூற்று நாற்பது. ரொக்கம் கட்டினால் அன்றைக்கே ஏறியிருக்க வேண்டும்.

கட்டப் போனவர் காசாளர். ரசீது எங்கே என்று முதலாளி கேட்டார். அன்று மழை, சட்டைப் பையிலேயே கூழாகிவிட்டது என்றார் காசாளர். முதலாளிக்குச் சுருக்கென்று கோபம் வரும். வாடிக்கையாளர்கள் நிற்க, பையன்கள் பார்க்க, “மழை மேல பழி போடாதீங்க. சாயங்காலத்துக்குள்ள பணம் வரணும். இல்ல, சாவியக் குடுத்துட்டுக் கெளம்புங்க” என்று கத்திவிட்டார். எப்போதும் வாய் ஓயாத மனிதர் கல்லாவுக்குப் பின்னால் வெறும் சட்டைப் பையைத் துழாவினார். அந்த முகத்தைக் கணக்கரம்மாவால் பார்க்க முடியவில்லை.

அவர் முதலாளியின் அறைக்குப் போனார். “ஒரு வரி பொருந்தலன்னா திருட்டுன்னு அர்த்தம் இல்ல. பொருந்தலன்னு மட்டுந்தான் அர்த்தம். சாயங்காலம் வரைக்கும் அது என் வேலை.”

“அவனுக்கு நீங்களா வக்காலத்து?”

“அவருக்கில்ல, அந்த வரிக்கு.”

தேதிகளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். மறுநாள் தொகையோடு சேர்த்து ஏற்றினார்களா என்று கூட்டிப் பார்த்தார். இல்லை. மதியச் சாப்பாட்டையும் மறந்து, போன மாதம் என்னவெல்லாம் வந்தது என்று கடைக் கைபேசியில் வங்கிச் செய்திகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் வராத ஒன்று கண்ணில் பட்டது.

கடைக்கு அதே வங்கியில் இன்னொரு கணக்கும் உண்டு. கிடங்கு இருந்த காலத்தில் தொடங்கியது, இப்போது தூங்குகிறது. அதில் பணம் கட்டினால் செய்தி வராது; இருப்பு குறைவு என்று வங்கி மாதக் கடைசியில் தண்டம் பிடிக்கும், அதற்கு மட்டும் தவறாமல் செய்தி வரும், அவரும் முணுமுணுத்துக்கொண்டே பதிவு செய்வார். போன மாதக் கடைசியில் அந்தச் செய்தி வரவில்லை. வங்கிக்கு இரக்கம் பிறந்துவிட்டதா என்ன? இருப்பு கூடியிருந்தால்தான் தண்டம் நிற்கும்.

குடையைக்கூட எடுக்காமல் வங்கிக்கு நடந்தார். பழைய கணக்கின் ஸ்டேட்மென்டில் ஒரே ஒரு வரவு: ஏழாம் தேதி, ரொக்கம், இருபத்தேழாயிரத்து ஐந்நூற்று நாற்பது. அங்கே பேரேடு இல்லாத வங்கி வரி, இங்கே வங்கி இல்லாத பேரேட்டு வரி. அந்தக் கவுன்டர் முன்னாலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்து, காசாளரிடம் அன்று பணம் கட்ட எழுதிய சலான் புத்தகத்தைக் கேட்டார். மேலே பழைய கணக்கின் எண் அச்சடித்திருந்தது. “புதுப் புத்தகம் தீந்துபோச்சு. முதலாளிதான் மேசையிலேர்ந்து இத எடுத்துக் குடுத்தாரு, தாளை வீணாக்காதீங்கன்னு” என்றார் அவர். எண்ணை அவரும் பார்க்கவில்லை, கொடுத்தவரும் பார்க்கவில்லை.

முதலாளி ஸ்டேட்மென்டைப் பார்த்தார், சலான் புத்தகத்தைப் பார்த்தார், காதைச் சொறிந்துகொண்டார். “சரி, கெடைச்சிடுச்சுல்ல. பதிவ அந்தக் கணக்குக்கு மாத்திட்டு மாசத்த முடிங்க.”

“மாத்திட்டேன். பேரேட்டுல தொகை கொறைஞ்சுது. வங்கி இருப்புலேர்ந்து அந்த ரெண்டு காசோலையையும் கழிச்சுப் பாத்தா சரியா நிக்குது. ஆனா முடிக்க முடியாதுங்க.”

“இன்னும் என்ன?”

“காலைல எல்லார் முன்னாடியும் ஒண்ணு சொன்னீங்க. அதுக்கு எதிர்ப்பதிவு இன்னும் வரல.”

முதலாளி அவரையே பார்த்தார். இந்த அம்மாவிடம் பாச்சா பலிக்காது என்பது இருபத்திரண்டு வருடப் பாடம். எழுந்து கடைக்குள் போனார். வாடிக்கையாளர்கள் நின்றார்கள், பையன்கள் பார்த்தார்கள்.

“தப்பு என்னோடது. பணம் பத்திரமா வங்கியில இருக்கு. அந்தப் புத்தகத்த நாந்தான் குடுத்தேன். மன்னிச்சிடுங்க” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

காசாளர் கல்லாச் சாவியை இறுக்கிப் பிடித்தபடி தலையசைத்தார். பிறகு கணக்கர் மேசைப் பக்கம் திரும்பினார். ஏதாவது நையாண்டி வரும் என்று கணக்கரம்மா காத்திருந்தார். வரவில்லை. சாவியோடு சேர்த்துக் கைகூப்பினார்.

கணக்கரம்மா தலையைக் குனிந்துகொண்டு பென்சிலைச் சீவினார். அந்தக் கடைசி வரிக்கு அப்போதுதான் டிக் போட்டார்.