வஸீர் பேரில் ஐந்து நம்பர்

மன்னார் நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே நம்பர் கொடுக்கிற பெண் சிவராணி. வெளியூர்களிலிருந்து வந்து போகிற பெரிய டொக்டர்மாரைப் பார்க்க வருபவர்களுக்கு எந்த நாள், எத்தனையாம் நம்பர் என்று எழுதிக்கொடுப்பது அவளுடைய வேலை. டொக்டர் ஐந்து நிமிடம் பார்ப்பார். அந்த ஐந்து நிமிடத்துக்காக ஆட்கள் மூன்று மணித்தியாலம் அவளுக்கு முன்னால்தான் இருப்பார்கள். அதனால் பாதிப் பேருக்கு டொக்டரின் முகத்தைவிடச் சிவராணியின் முகம் நல்ல பழக்கம்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. தகப்பன் பொன்னையா எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டை விட்டு இறங்கி, மன்னார்ப் பெருநிலத்தில் வயல் கூலிக்கு நின்று குடும்பத்தை நிமிர்த்தியவர். கடைசி யுத்தத்தில் அந்தக் குடும்பம் மறுபடியும் வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது, முள்வேலி முகாமில் ஒன்றரை வருடம் கிடந்தது, இரண்டாயிரத்துப் பத்தில் திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்டது. முகாமில் சிவராணிக்குப் பசியைவிட வெறுத்தது பதிவுதான். பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை, எந்த ஊர், எப்போது வந்தாய், ஆருடன் வந்தாய். காலையில் ஒருவன் எழுதிக்கொண்டு போவான், மத்தியானம் இன்னொருவன் வந்து முதலில் இருந்து கேட்பான். உயிரோடு இருப்பதற்கே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது அவள் ஒரு தீர்மானம் எடுத்தாள். தன் மேசைக்கு வரும் எவரையும் குடைவதில்லை. ஒரு பெயர் போதும், ஒரு போன் நம்பர் போதும். அந்தப் பெயர் நோயாளியுடையதாக இருக்க வேண்டும் என்றுகூட அவள் கேட்டதில்லை. சனம் அவளைக் கொண்டாடியது. யுத்தம் முடிந்து நாலு வருடமாகியும், பெயரை எழுதக் கண்டால் எழும்பிப் போகப் பார்க்கிற ஆட்கள் அவர்கள். முசலிப் பக்கத்து வான்காரர் வஸீர் போன் எடுத்து, தன் பேரில் ஐந்து நம்பர் போடச் சொல்லுவார். அவளும் வஸீர், வஸீர், வஸீர் என்று ஐந்து தரம் எழுதுவாள். சனிக்கிழமை வானிலிருந்து ஐந்து பேர் இறங்குவார்கள். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

நரம்பு டொக்டர் சுகந்தன் யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்று விட்ட சனிக்கிழமைகளில் வருபவர். மன்னார்த் தீவிலும் கரையிலும் வலிப்பு, பாரிசவாதம், கை நடுக்கம் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். அந்த வருடம் ஆவணி மாதத்தில் அவர் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார். மேற்படிப்புக்கு வெளிநாடு போவதால் இந்த ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்துவதாகவும், இன்னும் மூன்று தரம்தான் வரமுடியும் என்றும் எழுதியிருந்தார். ஒப்பந்தப்படி ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும். மனிதர் ஐந்து கிழமைக்கு மேலேயே முன்னால் சொல்லிவிட்டார். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது, இந்தக் கதையின் வில்லங்கமே அதுதான்.

ஏற்பாடுகளும் ஒழுங்காகத்தான் செய்தார்கள். நிர்வாகி பெற்றிசியா மிஸ் அன்றைக்கே சுவரில் அறிவித்தல் ஒட்டினார். புது நோயாளருக்கு நம்பர் இல்லை, பழையவர்கள் மட்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் டொக்டர் கடிதம் எழுதுவார்: என்ன நோய், என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம், அடுத்த சோதனை எப்போது. சாதாரண வருத்தக்காரர் கடிதத்தோடு அரசாங்கத்தின் மன்னார்ப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகலாம், அங்குள்ள வைத்திய நிபுணரோடு பேசியாயிற்று. கடுமையானவர்கள் யாழ்ப்பாணத்து நரம்புக் கிளினிக்குக்கு. அந்த மூன்று நாளுக்கும் வராதவர்களைப் போனில் தேடிப் பிடிப்பது சிவராணியின் பொறுப்பு.

இந்த ஊர்த் தனியார் ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளருக்குக் கோப்பு என்று ஒன்றும் கிடையாது. நோயாளியின் கையில் ஒரு கொப்பி இருக்கும், டொக்டர் எழுதுவதெல்லாம் அதில்தான். கொப்பி வீட்டுக்குப் போய்விட்டால் ஆஸ்பத்திரியில் மிஞ்சுவது சிவராணியின் நம்பர்ப் புத்தகம் மட்டும். அவள் அதை விரித்து வைத்துக்கொண்டு எட்டு மாதத்துக்குப் பின்னோக்கிப் பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் வஸீர் நின்றார். வஸீர் மட்டுமா, பள்ளிமுனைக் கடைக்காரர் பேரில் ஆறு பேர், ஒரு பாதிரியார் பேரில் நாலு பேர். பாதிரியார் ஒரே நாளில் நாலு தரம் நரம்பு டொக்டரைப் பார்த்ததாகப் புத்தகம் சொன்னது. பெற்றிசியா மிஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தார். சிவராணிக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைக்காரரும் பாதிரியாரும் தங்கள் ஆட்களை அனுப்பிவைத்தார்கள். வஸீரின் போன் மட்டும் வேலை செய்யவில்லை. அவர் வானை விற்றுவிட்டுக் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய் ஒரு மாதமாம். அவருடைய ஐந்து பேரில் நாலு பேர், அவர் சொல்லி, இவர் சொல்லிச் செய்தி காதில் விழுந்து கடைசிச் சனிக்கிழமைக்குள் வந்துவிட்டார்கள். ஒருவர் வரவில்லை.

கடைசி நாள் பின்னேரம் டொக்டர் பட்டியலைப் பார்த்து முகம் சுருக்கினார். இமை விழுகிற பெண் எங்கே என்று கேட்டார். தசையெல்லாம் சோர்ந்துபோகிற வருத்தம் அது, மூச்சு விடுகிற தசையையும் பிடிக்கும் என்றார். நல்லாக இருக்கிறாளே, தூரத்திலிருந்து வருகிறாளே என்று போன முறை இரண்டு மாதத்துக்குக் குளிசை எழுதிவிட்டிருந்தார். அவளைப் பார்த்து நாலாம் நாள்தான் விலகல் கடிதம் கொடுத்தது. பெயர் உம்மு ஸல்மா என்று நினைவு, முசலிப் பக்கம் என்றார். கொப்பி இல்லாமல் நினைவிலிருந்தே யாழ்ப்பாணத்துக்கு ஒரு கடிதம் எழுதி, குளிசையின் அளவை மட்டும் கொப்பியைப் பார்க்கவும் என்று குறித்து, உறையில் போட்டு நீட்டினார்.

“அந்தக் குளிசையைத் திடீரெண்டு நிப்பாட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. இவவை மட்டும் எப்படியும் கண்டுபிடியுங்கோ, சிவராணி.”

“ஓம் டொக்டர்,” என்றாள். வேறென்ன சொல்வது?

அடுத்த நாள் ஞாயிறு. தன்னுடைய லீவில், தன்னுடைய செலவில் பஸ் ஏறி, முசலிப் பக்கத்துச் சிலாவத்துறைக்குப் போனாள். பள்ளிவாசல்காரர் நல்ல மனிதர், ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னார். கால் மணித்தியாலத்தில் ஓர் உம்மு ஸல்மா வந்தாள். எழுபது வயது, குத்துக்கல்லைப் போல ஆரோக்கியம், என்ன நிவாரணம் கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். நீங்கள் தேடுவது பாயிஸின் பெண்சாதியாக இருக்கும் என்று கடைசியில் ஒருவர் சொன்னார். வீட்டைக் காட்டினார்கள். புதுச் சீமெந்து வீடு, பூட்டிக் கிடந்தது. தொண்ணூறில் புலிகளால் துரத்தப்பட்ட முஸ்லிம் சனம் இருபது வருடம் புத்தளத்தில் வேர் விட்டுவிட்டு, ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாகத்தான் மீள்குடியேறியிருந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை, குடும்பம் புத்தளத்தில். பாயிஸின் போன் நம்பர்? அவன் மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவன் என்றார்கள்.

பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி என்ற பெண்ணிடம் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, பள்ளிவாசலிலும் சொல்லிவிட்டு, உறையைத் தன் கையிலேயே கொண்டு திரும்பினாள். ஒரு பெயரையும் ஓர் ஊரையும் அன்றைக்கே கேட்டு எழுதியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. சனத்துக்கு இரங்கித்தான் கேட்காமல் விட்டாள், அந்த இரக்கமே இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது.

திங்கட்கிழமை பெற்றிசியா மிஸ் கோப்பை மூடினார். எழுபத்தொரு நோயாளர், எழுபது பேருக்குக் கடிதம் கையளிக்கப்பட்டது, ஒருவருக்கு முயற்சி எடுக்கப்பட்டது. நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று, மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று ஆறுதலாகவே சொன்னார். சிவராணி ஒவ்வொரு நாளும் போனைப் பார்த்தாள். அது மணியடித்தபோதெல்லாம் வேறு ஆட்களாகவே இருந்தார்கள்.

டொக்டரின் கடைசி நாளிலிருந்து இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓர் ஓட்டோ வாசலில் வந்து நின்றது. மெலிந்த ஓர் ஆள் ஒரு பெண்ணை அணைத்துப் பிடித்தபடி உள்ளே வந்தான். பெண்ணின் இமைகள் இரண்டும் பாதியில் விழுந்திருந்தன. தலை தொங்கிவிடாமல் நாடியைத் தன் கையாலேயே தாங்கிக்கொண்டிருந்தாள். பார்த்தவுடனே சிவராணிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. இத்தனை தரம் இந்த மேசைக்கு வந்து போன முகம், பெயர்தான் தெரியாமல் இருந்தது.

பாயிஸ் கொப்பியை மேசையில் வைத்தான். புத்தளத்திலிருந்து நேரே வருகிறார்களாம், முசலிக்குப் போகவேயில்லையாம். அங்கே வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்து குளிசையில் பாதி கரைந்துபோனது. டொக்டரின் நாள்தான் கிட்ட வருகிறதே என்று, மிச்சத்தைப் பாதி பாதியாக உடைத்து, இன்றுவரை எட்டப் பண்ணியிருக்கிறார்கள். மூன்று நாளாகக் காய்ச்சலும். நேற்றிலிருந்து தண்ணீர் குடித்தால் மூக்கால் வருகிறது.

“டொக்டர் எழுதின நாளுக்குச் சரியா வந்திருக்கிறம், தங்கச்சி,” என்றான் பாயிஸ், பள்ளிக்கூடத்தில் வீட்டுக்கணக்கைக் காட்டுகிற பிள்ளையைப் போல. “ஒரு நாள்கூடப் பிந்தேல்லை.”

கொப்பியில் அந்தத் தேதிதான் இருந்தது. டொக்டரின் கையெழுத்தும் இருந்தது. டொக்டர் இனி வரமாட்டார் என்ற ஒரு வசனத்தைச் சொல்வதற்குச் சிவராணி மூன்று தரம் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாகவே நடந்தது. வாட்டு டொக்டர் ஓடிவந்து பார்த்தார், ஒட்சிசன் வைத்தார், அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அங்கே உடனே எடுத்து, குழாய் போட்டு மூச்சுக் கொடுத்து, பூநகரி வீதியால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப ஆயத்தம் செய்தார்கள். சிவராணி உறையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி, அதைப் பாயிஸின் கையில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். புத்தகத்தில் பெயர் எழுதாததையும் சொன்னாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் நல்லாயிருக்கும் என்றும் நினைத்தாள். அவன் திட்டவில்லை. அவனுக்கு விளங்கியதோ இல்லையோ, புது டொக்டர் எவரும் வருவாரா என்று மட்டும் கேட்டான். அடுத்த மாதத்திலிருந்து அனுராதபுரத்து டொக்டர் ஒருவர் வருவதாகப் பேச்சு என்றாள்.

“அப்ப ஸல்மாக்கு ஒரு நம்பர் போட்டு வையுங்கோ. சுகமாகி வந்தா தேவைப்படும்தானே.”

திரும்பி வந்து புதுப் பக்கம் திறந்தாள். முதலாம் நம்பர்: பாயிஸ் உம்மு ஸல்மா, முசலி. புருஷனின் போன், பரமேஸ்வரியின் போன், பள்ளிவாசல் போன். புத்தகத்தில் அவள் எழுதிய முதலாவது முழுப் பெயர் அது. எழுதி முடித்து, முதலாம் நம்பர் என்று பாயிஸுக்குப் போனில் சொல்லிவிட்டு, மாதாவையும் முருகனையும் அல்லாஹ்வையும் பேதம் பாராமல் கும்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. ஸல்மா விடியற்காலை மௌத்தாகிவிட்டாள் என்று பாயிஸ் சொன்னான். யாழ்ப்பாணத்து டொக்டர்மார் தங்களால் ஏலுமானதெல்லாம் பார்த்தார்கள், ஊருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறோம், பின்னேர அஸர்த் தொழுகையோடு அடக்கம் என்றான். சிவராணி நம்பர்ப் புத்தகத்தில் அந்தப் புதுப் பக்கத்தைத் திறந்தாள். போனை வைக்குமுன் அவன் இன்னொன்றும் சொன்னான்.

“தங்கச்சி, அந்த முதலாம் நம்பர் சும்மா கிடக்கும். தூரத்திலயிருந்து வாற ஆருக்கும் குடுத்திடுங்கோ.”