செவத்தபிள்ளை நீலமாகவில்லை

நர்ஸ் பூமாரிக்குப் பத்தொன்பது வருஷமாக ஒரே வார்டு. மாட்டுங்கா பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி, எட்டுக் கட்டில். தலசீமியா பிள்ளைகள் மூன்று வாரத்துக்கு ஒருதரம் அங்கே வந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தப் பிள்ளைகளின் உடம்புக்கு நல்ல சிவப்பணுக்களைப் போதுமான அளவு செய்துகொள்ளத் தெரியாது. அடுத்தவர் கொடுத்தால்தான் ஓட்டம்.

ரத்தப் பையை மாட்டிவிட்டு நர்ஸ் போய் உட்கார்ந்துவிட முடியாது, பார்த்துக்கிடுங்க. கால் மணி நேரத்தில் வந்து காய்ச்சல் பார்க்கணும், நாடி பார்க்கணும், பிரஷர் பார்க்கணும். அப்புறம் அரை மணிக்கு ஒருதரம். பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் சிணுங்கும். அதனால் பூமாரி ஒரு வழி செய்து வைத்திருந்தாள். ஒவ்வொரு தரம் வரும்போதும் கதையில் ஒரு துண்டு. கையை நீட்டினால்தான் அடுத்த துண்டு.

கதையின் நாயகி ஒரு சிவப்பணு. பேர் செவத்தபிள்ளை. பூமாரி தாராவியில் பிறந்து வளர்ந்தாலும் அப்பா அம்மாவின் திருநெல்வேலி நாக்கு அவளை விட்டுப் போகவில்லை, அதனால் வைத்த பேர். நடுவில் கொஞ்சம் அமுங்கின வட்டத் தட்டு மாதிரி இருப்பாள் செவத்தபிள்ளை. முதுகில் மூச்சுக் காற்று மூட்டை. இதயத்தின் இடப்பக்கம் ஒரே நெட்டு நெட்டும், பெரிய குழாயில் விழுந்து ஓடுவாள். குழாய் கிளை பிரியும், கிளையில் கிளை பிரியும், கடைசியில் முடியைவிட மெல்லிசான சந்து வரும். அங்கே வரிசையில் ஒவ்வொருத்தியாகத்தான் போகணும், அதுவும் உடம்பை மடக்கிக்கொண்டு. மூட்டையைத் தசைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி இதயத்தின் வலப்பக்கம் வருவாள். அங்கிருந்து நுரையீரல். புது மூச்சு ஏற்றிக்கொண்டு மறுபடி இடப்பக்கம். இவ்வளவுக்கும் ஆவது ஒரு நிமிஷம் போல.

கதை நல்ல கதைதான். ஒரே ஒரு இடத்தில் பூமாரி கோட்டை விட்டிருந்தாள். "மூச்சைக் குடுத்த உடனே செவத்தபிள்ளை நீலமா ஆயிருவா" என்று சொல்லி வந்தாள். சுவரில் தொங்குகிற படத்தில் திரும்பி வருகிற குழாயெல்லாம் நீலம். அதைப் பார்த்தே சொன்னாள், அதையே நம்பவும் செய்தாள்.

மே மாசத்தில் ஒரு காலை, ஆண்டாப் ஹில்லிலிருந்து கலைச்செல்வி தன் மகள் சாதனாவை இழுத்துக்கொண்டு வந்தாள். சாதனாவுக்கு ஏழு வயசு. வரவேண்டிய தேதி போய் எட்டு நாள் ஆகிவிட்டது. பிள்ளையின் உதட்டில் ரத்தமே இல்லை, இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"போன வாரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து அழுது புரண்டுட்டா அக்கா," என்றாள் கலைச்செல்வி. "இன்னைக்கும் ஊசி போட விடமாட்டாளாம். நேத்து வீட்டுக்குக் கீழ கிளினிக்ல விரல்ல குத்திப் பாத்ததுல ஹீமோகுளோபின் ஆறு புள்ளி நாலுதான் இருக்குன்னாங்க. எனக்கு ஈரக்குலையே நடுங்குது."

பூமாரிக்கும் அதே பயம்தான். ஒன்பதுக்குக் கீழே இறங்கவிடக் கூடாத பிள்ளை. இன்றைக்கும் திரும்பிப் போனால் இதயம் எத்தனை நாள் தாங்கும்?

சாதனா கட்டிலில் ஏறி இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டாள்.

"ஏட்டி, கைய நீட்டு. கதை வேண்டாமா?"

"வேண்டாம். நீ ஜூட் பேசுத ஆன்ட்டி."

"நானா? பொய்யா? என்ன ஜூட்டு?"

"போன தரம் என் நரம்புல இருந்து டியூப்ல எடுத்தேல்லா? மூச்சைக் குடுத்துட்டுத் திரும்பிப் போற ரத்தம்தானே அது? நீதானே சொன்ன?"

"ஆமா."

"அது நீலமாவே இல்ல. கறுஞ்செவப்பா இருந்துச்சு. நான் பாத்தேன்."

அடேயப்பா! ஒரு நாளைக்குப் பத்து டியூப், பத்தொன்பது வருஷம். எத்தனை ஆயிரம் தரம் இந்தக் கையாலேயே அந்தக் கறுஞ்சிவப்பை இழுத்திருக்கிறாள்! டியூப் ஒன்றைச் சொல்ல, வாய் இன்னொன்றைச் சொல்லியிருக்கிறது. கேப்பையில் நெய் வடியுதுன்னா கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். இங்கே சொன்னவளுக்கே மதி இல்லை.

"உன் கையப் பாருட்டி, நரம்பு நீலமாத்தானே தெரியுது," என்று ஒரு தரம் சமாளித்துப் பார்த்தாள்.

"வெளிய வந்தா மட்டும் ஏன் செவப்பு?" என்றாள் சாதனா. அப்புறம் குரல் உடைந்தது. "ஊசி எறும்பு கடிக்கிற மாதிரின்னும் சொன்ன. அதுவும் ஜூட்டுதான். நீ சொல்லுறது எல்லாமே ஜூட்."

கலைச்செல்வி கையை ஓங்கினாள். பூமாரி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கோபம் வரத்தான் செய்தது, ஆனால் பிள்ளைமேல் இல்லை.

"சாதனா, நீ சொன்னதுதான் சரி. ரத்தம் நீலமா ஆகவே ஆகாது. அது தோலுக்கு அடியில இருக்கதால நம்ம கண்ணுக்கு அப்படித் தெரியுது. நான் சுவத்துல இருக்க படத்தைப் பாத்துச் சொன்னேன். என் கையில இருந்த டியூபைப் பாக்கல. தப்பு என்னோடதுதான்."

இதைச் சாதனா எதிர்பார்க்கவில்லை. பெரியவர்கள் தப்பு என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அப்போ என்ன கலராத்தான் மாறும்?"

"இந்தத் தரம் நான் வாயே திறக்கப் போறதில்ல. உன் ரத்தம், நீயே பாத்துச் சொல்லு."

அதோடு நிறுத்திக்கொண்டாள். நைச்சியம் பேசவில்லை, சாக்லேட் காட்டவில்லை. ட்ரேயை எடுத்துவைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, பக்கத்து ஸ்டூலில் சும்மா இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு லோக்கல் ரயில் போனது, அப்புறம் இன்னொன்று. பயத்துக்கும் ஆசைக்கும் நடுவில் பிள்ளை படுகிற பாடு முகத்தில் அப்படியே தெரிந்தது. கடைசியில் இடது கை மட்டும் மெல்ல வெளியே வந்தது.

"எறும்புன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"வேற எப்படி இருக்கும்?"

"நிசமாச் சொல்லட்டுமா? எனக்குத் தெரியாது. எனக்கு ஊசின்னாலே பயம்ட்டி. போட்டுக்கிட்ட ஒண்ணு ரெண்டுக்கும் கண்ணை மூடிக்கிட்டேன்."

சாதனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஊசி உள்ளே. "ஆ!" என்று கத்தினாளே தவிர கண்ணை எடுக்கவில்லை. டியூபில் ரத்தம் இறங்கியது. கறுஞ்சிவப்பு, நாவல்பழத்தைத் தொட்ட சிவப்பு.

ரத்தம் உறையாமல் இருக்க டியூபை மெல்லத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டி எடுக்கவேண்டும். பூமாரிக்கு அது கைப்பழக்கம். அன்றைக்கு ஒரு டியூபைச் சாதனாவின் முகத்துக்கு நேராகவே வைத்துப் புரட்டினாள். பாதி ரத்தம், மீதி காற்று. இரண்டு நிமிஷம் போனது, மூன்று போனது.

"ஆன்ட்டி! வெளுக்குது! இல்ல, செவக்குது! முன்னைவிட நல்ல செவப்பு!"

பூமாரி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆமாம். டியூபில் இருந்த காற்றிலிருந்து செவத்தபிள்ளைகள் மூட்டை ஏற்றிக்கொண்டுவிட்டார்கள். நுரையீரலில் நடக்கிற காரியம் இத்தனை வருஷமும் அவள் விரலுக்குள்ளேயே நடந்திருக்கிறது, அவள்தான் கவனித்ததில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. "ஏட்டி, நீ பலே ஆளுட்டி," என்றாள்.

பொருத்தம் பார்த்துக் கீழே ரத்த வங்கியிலிருந்து பை வர இரண்டு மணி நேரம் ஆனது. பையைப் பார்த்த உடனே சாதனா சொன்னாள்:

"இதுவும் கறுஞ்செவப்பு. இந்தச் செவத்தபிள்ளைங்க கிட்ட மூச்சு மூட்டை ரொம்ப இல்ல."

"இல்லைதான். அதனால முதல்ல எங்க போவாங்க?"

பிள்ளை தன் கையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். "கதை இதயத்துல ஆரம்பிக்காது போலயே. என் கையிலதான் ஆரம்பிக்குது. கை வழியா மேல போயி இதயத்துக்கு வலப்பக்கம், அப்புறம் நுரையீரல்ல மூச்சு ஏத்தி, அப்புறம் இடப்பக்கம், அப்புறம்தான் பெரிய குழாய்."

பூமாரி மனசுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள். அச்சு அசல். எட்டுக் கட்டிலிலும் படுக்கிற பிள்ளைகளுக்கு இதுதான் கதை, அவள் இத்தனை நாள் சொன்னது ரத்தம் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லாத மற்ற பிள்ளைகளின் கதை.

"கைக்கு முந்தி எங்க இருந்தாங்க?" என்று கேட்டாள் சாதனா.

"பையில."

"அதுக்கு முந்தி?"

"ரத்தம் குடுத்தவங்க கையில. அதுக்கு முந்தி அவங்க இதயத்துல."

"யாரு அவங்க?"

"பேர் சொல்ல மாட்டாங்க மக்கா. யாரோ."

"நீ குடுத்திருக்கியா?"

பூமாரி நாடி பிடித்திருந்த விரலை எடுக்காமல் "இல்ல" என்றாள். சாதனா முகத்தைத் திருப்பி, தொங்குகிற பைமேல் கண்ணை வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது பூமாரிக்கு. ஊருக்குத்தான் உபதேசம்.

இரண்டு வாரம் சாக்குச் சொல்லி ஓட்டினாள். வேலை, மாமியார், வெயில். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் கீழே ரத்த வங்கிக்கு இறங்கிப் போனாள். டெக்னீசியன் வாசிம் விரலில் குத்திப் பார்த்து, "பன்னிரண்டு புள்ளி ஒன்பது சிஸ்டர், தாராளமா குடுக்கலாம்" என்றான். ஊசியைப் பார்த்ததும் உள்ளங்கால் வரை வேர்த்தது அவளுக்கு. இது வார்டு ஊசி இல்லை, தடி ஊசி.

"கண்ணை மூடிக்கோங்க சிஸ்டர்."

"வேண்டாம் வாசிம். நான் பாக்கணும்."

குழாய் வழியாக இறங்கியது கறுஞ்சிவப்பு. பூமாரி தனியாகச் சிரித்தாள். வாசிம் ஒரு மாதிரி பார்த்தான்.

நாலு நாள் கழித்துச் சாதனா வந்தாள், தேதி தவறாமல். கட்டிலில் ஏறினாள், ஆனால் கை அக்குளில்தான் இருந்தது. பூமாரி தன் கையை நீட்டி முழங்கை மடிப்பைக் காட்டினாள். காசு அளவுக்கு ஊதாவும் மஞ்சளுமாகக் கன்றியிருந்தது.

சாதனா அதை ஒரு விரலால் தொட்டாள். "குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எறும்பா?"

"எறும்பு ஒண்ணும் இல்லட்டி. நல்லா வலிச்சுது. ஆனா பத்து எண்ணுறதுக்குள்ள குறைஞ்சுட்டு."

"சச்சி?"

"சத்தியமா."

சாதனா யோசித்தாள். அப்புறம் இடது கையை எடுத்துப் பூமாரியின் மடியில் வைத்தாள்.

"அப்போ எண்ணு."

பூமாரி சத்தமாக எண்ணிக்கொண்டே குத்தினாள். ஒன்று, இரண்டு என்று சாதனாவும் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே எண்ணினாள். ஆறில் ரத்தம் வந்தது, ஒன்பதில் பிள்ளை எண்ணுவதை நிறுத்திவிட்டு டியூபைக் கேட்டாள்.